வெறும் ‘வணக்கம்’ வந்தால் என்ன பதில் போடுவது?

மதுரையில் குடியிருப்போர் சங்கத்தின் போனையோ தெரு வாட்ஸ்அப் குழுவையோ கவனித்துக்கொள்பவர்களும், வெளியூரில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பெரியவர்களுக்குப் பதில் சொல்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

சாயங்காலமானால் ஒரு அம்மா சங்க எண்ணுக்கு ‘வணக்கம்’ என்று மட்டும் போடுகிறார். ‘சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லப்பா’ என்று முடித்துவிடுகிறார். பிறகு எதற்குத்தான் போடுகிறார்?

‘என்ன விஷயம்?’ என்பதில் நீங்கள் மரியாதைக் குறைவாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் விஷயம் இருந்தால்தான் பேசலாம் என்று அவர் காதில் விழுகிறது. சொல்ல விஷயம் இல்லாதவர் என்ன செய்வார்? பின்வாங்கிக்கொள்வார். அந்தப் பின்வாங்கலுக்குப் பெயர்தான் ‘ஒண்ணுமில்லப்பா’.

செல்லூரிலோ வில்லாபுரத்திலோ தெருவைப் பார்த்த வீட்டில் வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, போகிறவர் ‘என்னத்தா, காப்பி குடிச்சாச்சா?’ என்று கேட்பார். காப்பி பற்றிய தகவல் அவருக்குத் தேவையில்லை. ‘நீ இருக்கிறாய், உன்னைப் பார்த்தேன்’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-லேயே இந்த வகைப் பேச்சைத் தனியாகப் பிரித்து எழுதினார். செய்தியைக் கொண்டுபோவது அதன் வேலை இல்லை, ஆளுக்கு ஆள் ஒட்டுதலை வைத்திருப்பதுதான் என்றார். வாசலில் இருந்தவரைக்கும் இந்தப் பேச்சு ஒரு நாளில் பத்து முறை தானாகக் கிடைத்திருக்கும். கணவர் போனபின், பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பத்தும் ஒரே நாளில் நின்றுபோகும். போனில் வரும் ‘வணக்கம்’ பல சமயம் அந்த வாசல் பேச்சைத் தேடி வருவதுதான்.

எல்லாரும் அப்படியா? சிலருக்கு உண்மையிலேயே ஏதாவது கேட்க வேண்டியிருக்குமே. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதல் ‘வணக்கத்தை’ மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. மெதுவாகத் தட்டச்சு செய்கிறவர், பணமோ உதவியோ கேட்கக் கூச்சப்படுகிறவர், மாடியில் சிக்னல் கிடைக்காதவர் எல்லாருமே வெறும் வணக்கத்தில்தான் தொடங்குவார்கள். ஒரு வாரம் கவனித்தால் வேறுபாடு தெரியும்.

துணை தேடி வருபவர் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருவார். விளக்கு வைத்த பின், அல்லது விடியற்காலையில். விடை தெரிந்ததையே கேட்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில் பல வருடம் இருந்தவர் ‘நாளைக்குத் தண்ணி வருமாப்பா?’ என்று கேட்டால், அது தண்ணீரைப் பற்றிய கேள்வியாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் விடை சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தகவல் வேண்டியவர் ‘சரிப்பா’ என்று வைத்துவிடுவார். துணை வேண்டியவர் ‘சரிப்பா... அப்புறம்?’ என்பார். அந்த ‘அப்புறம்?’ மிகத் தெளிவான அடையாளம். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’, ‘வேற என்ன சேதி?’ இவையும் அப்படியே. ‘வச்சிரட்டுமா?’ என்று இரண்டு முறை கேட்டும் வைக்காமல் இருப்பது இன்னொன்று.

அப்படியானால் முதல் பதிலாக என்னதான் எழுதுவது?

இரண்டு வகையினருக்கும் பொருந்துவதாக ஒன்று எழுதுங்கள். வணக்கத்துக்கு வணக்கம் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், சின்னதாக ஒன்று கேளுங்கள், அவ்வளவுதான். ‘வணக்கம்மா, சங்கத்துலருந்து செல்வி பேசுறேன். சாப்டாச்சா?’ கேட்க வேண்டியது இருப்பவர் உடனே கேட்டுவிடுவார். இல்லாதவர், காரணம் சொல்லாமலேயே பேச்சுக்குள் வந்துவிடுவார்.

ஆனால் ‘சாப்டாச்சா?’வோடு நின்றால் போதாது. அதற்கு ‘ஆச்சுப்பா’ என்ற ஒரே பதில்தான் ஊர் வழக்கம். சாப்பிடாதவரும் ‘ஆச்சு’ என்றுதான் சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். எனவே இரண்டாவது கேள்வியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ‘என்ன வச்சீங்க இன்னைக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு வாய்ப்பாட்டுப் பதில் கிடையாது. ‘வெண்டக்கா புளிக்கொழம்பு’ என்று வந்தால் அதன் கைப்பக்குவம் பற்றிப் பேச்சு ஓடும். ‘ஒரு ஆளுக்கு என்னத்த ஆக்குறது, காலைல வச்ச ரசம் இருக்கு’ என்று வந்தால், அவர் எப்படி இருக்கிறார் என்பதை ‘எப்படி இருக்கீங்க?’ என்று பத்து முறை கேட்டாலும் தெரியாத அளவுக்கு ஒரே வரியில் தெரிந்துகொண்டீர்கள்.

ஒரு மாதிரி உரையாடலைக் காட்ட முடியுமா? எந்த இடத்தில் என்ன சொல்வது என்பதுதான் தடுமாற்றமாக இருக்கிறது.

திருநகரில் தனியாக இருக்கும் 70 வயதைக் கடந்த ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். மகன் வெளிநாட்டில். மாலை 6.40-க்கு அழைக்கிறார். எடுப்பது சங்கத்தில் இருக்கும் இளைஞர்.

— ஹலோ... சங்கந்தானப்பா?
— ஆமாம்மா, வணக்கம். நான் முருகன் பேசுறேன். நல்லாருக்கீங்களா?
— இருக்கேன்ப்பா. நாளைக்குத் தண்ணி வருமா?
— வரும்மா, வழக்கம்போலக் காலைல. இன்னைக்கு என்னம்மா வச்சீங்க?
— என்னத்த வைக்க. நேத்து வச்ச கொழம்பு கிடக்கு. முன்னெல்லாம் இந்நேரம் அடுப்படியில நிக்கவே நேரம் பத்தாது.
— முன்னெல்லாம் நேரமே பத்தாதா?
— பத்தாதே! அவருக்குச் சாயங்காலம் சூடா ஏதாவது வேணும். பணியாரம், சுண்டல்... பேரன் வேற இருந்தான்.
— பணியாரத்துக்கு மாவு எப்படிம்மா போடுவீங்க? எங்க வீட்ல கல்லா வருது.
— (சிரிக்கிறார்) உளுந்து கம்மியாப் போட்டிருப்பாக...

தண்ணீருக்கு விடை முழுமையாகச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். துணைதான் தேடுகிறார் என்று தோன்றினாலும் கேட்ட கேள்விக்கு விடை தராமல் தாண்டக்கூடாது. அவர் கேள்வியை நாம் பொய் என்று கண்டுபிடித்தது போலாகிவிடும், அடுத்த முறை கூச்சப்படுவார்.

‘முன்னெல்லாம் நேரமே பத்தாதா?’ என்ற வரிதான் இதில் மிக முக்கியம். அவர் சொன்ன சொல்லையே எடுத்துத் திருப்பிக் கேட்டிருக்கிறார், புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் நம்மில் பலர் சொல்லக்கூடியது ‘நேத்து வச்ச கொழம்பச் சாப்பிடாதீங்கம்மா, உடம்புக்கு ஆகாது’ என்பது. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த அம்மா கணவரைப் பற்றிப் பேச ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அறிவுரை வந்ததும் அது சாத்தப்பட்டுவிடும். குழம்பைப் பற்றி ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னாலும் கெட்டுப்போகாது.

பணியார மாவு கேள்வி மூன்றாவது. அதில் அவர் கொடுப்பவராகவும் இளைஞர் பெறுபவராகவும் மாறுகிறார்கள். நாள் முழுக்க மாத்திரை, பென்ஷன், கேஸ் என்று பிறரிடம் கேட்டே வாழ்கிறவருக்கு, தன்னிடம் ஒருவர் கேட்பது அரிது. ஆனால் பொய்யாகக் கேட்காதீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். குரலில் பொய் தெரிந்துவிடும்.

முடிக்கும்போது இப்படி: ‘அம்மா, இன்னும் ரெண்டு நிமிசத்துல ஒரு ஆளு வந்துருவாரு. வியாழக்கெழம சாயங்காலம் நானே கூப்பிடுறேன், மாவு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.’ முன்கூட்டியே முடிவைச் சொல்லியாயிற்று. அடுத்து அழைக்கும் நாளும் சொல்லியாயிற்று, பேச ஒரு பொருளும் வைத்தாயிற்று. திடீரென்று ‘சரிம்மா வைக்கிறேன்’ என்றால், தான் தொந்தரவு கொடுத்துவிட்டோமோ என்று இரவு முழுக்க நினைப்பார். வியாழக்கிழமை கட்டாயம் கூப்பிட வேண்டும். முடியாது என்று தோன்றினால் நாளைச் சொல்லவே வேண்டாம். சொன்ன நாளில் வராத போன், சொல்லாமலேயே இருந்ததைவிட அதிகம் வலிக்கும்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் பேச வேண்டும்? ஒரு மணி நேரம் பேச எங்களுக்கு ஆள் இல்லை.

தேவையில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு குழு இதைச் சோதித்துப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டது. வீட்டுக்கே உணவு கொண்டுவந்து தரும் திட்டத்தில் இருந்த 240 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு 4 வாரம் போன் போனது. பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, 17 முதல் 23 வயது வரையிலான இளைஞர்கள். குறுகிய பயிற்சி மட்டுமே. முதல் 5 நாள் தினமும் அழைத்தார்கள், அதன்பின் வாரத்துக்கு எத்தனை முறை என்பதை அழைப்பைப் பெற்றவர்களே முடிவு செய்தார்கள். பேச்சுப் பொருளையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இளைஞர்கள் அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்தார்கள். தனிமையை 3 முதல் 9 வரை அளக்கும் ஓர் அளவுகோலில், போன் வந்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1 புள்ளி குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்தன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பேசிய நீளத்தை அல்ல, ஒழுங்கை. வாரம் இரண்டு முறை பத்து நிமிடம், சொன்ன நாளில், சொன்ன நேரத்தில். மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் பேசுவதைவிட இது மேல் என்பது எங்கள் துணிபு. செவ்வாய்க்கிழமை போன் வரும் என்று தெரிந்தால் திங்கட்கிழமையே என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த எதிர்பார்ப்பும் துணைதான்.

கோயிலுக்குப் போங்க, பூங்காவில் நாலு பேரோடு உட்காருங்க என்று சொன்னால் கோபப்படுகிறார். நல்லதைத்தானே சொல்கிறோம்?

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். பழக ஆட்கள் வட்டம் இல்லாதது ஒன்று. நெருங்கிய ஒருவர் இல்லாதது இன்னொன்று. முதலாவதைக் கூட்டம் தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக்கரையில் லட்சக்கணக்கான பேர் நிற்பார்கள். ஐம்பது வருடமாகக் கணவரோடு அங்கே போனவர், அவர் போனபின் தனியாகப் போனால், அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வெறுமை அதிகம் தெரியும்.

அதனால், யாரை இழந்தார் என்று தெரியாமல் இடம் சொல்லாதீர்கள். அவரே ‘பக்கத்து வீட்டுக்காரங்க கூடப் பேசறதில்ல’, ‘இங்க யாரையும் தெரியாது’ என்கிறார் என்றால் முதல் வகை. அப்போது பூங்காவும் பஜனையும் உதவும். ‘போங்க’ என்று சொல்வதைவிட ‘வெள்ளிக்கெழம நான் போறேன், கூட வர்றீங்களா?’ என்பது நடக்கும். ‘அவரு இருந்தா...’ என்றே பேச்சு திரும்பத் திரும்பப் போனால் இரண்டாம் வகை. அங்கே வேண்டியது, அவரைப் பற்றிக் கேட்க ஓர் ஆள்.

ஓய்வு பெற்ற ஒரு ஐயா தினமும் குறை சொல்லத்தான் கூப்பிடுகிறார். தெருவிளக்கு, சாக்கடை, நாய். இவரும் அதே கணக்கா?

பல சமயம் ஆமாம். சும்மா பேசக் கூப்பிட்டேன் என்று சொல்வதற்கு ஆண்களுக்கு வெட்கம் அதிகம். குறை ஒரு மரியாதையான காரணமாகிவிடுகிறது. குறையை முறைப்படி எழுதிக்கொண்டு புகார் எண்ணைச் சொல்லுங்கள். பிறகு அவர் வேலை பார்த்த உலகத்திலிருந்து ஒன்றைக் கேளுங்கள். மில்லில் இருந்தவரிடம் ஷிப்ட் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று கேட்டால், நாயைப் பற்றிய பேச்சு தானாக நின்றுவிடும். சரி செய்த பிறகும் அதே விளக்குக்காக அழைத்தால் சந்தேகமே வேண்டாம்.

காலையில் பூப்படம் போட்ட ‘இனிய காலை வணக்கம்’ வருகிறது. கட்டை விரல் போட்டால் போதாதா?

கட்டை விரல் ‘பார்த்துவிட்டேன், முடிந்தது’ என்று சொல்கிறது. தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் படத்தில் இருப்பதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். மல்லிகைப் படம் வந்தால் ‘இப்ப மல்லி வெல என்னம்மா?’ என்று. கண் மங்கியவர் என்றால் இருபது முப்பது நொடிக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். அதை அவர்கள் மறுபடி மறுபடி கேட்பார்கள்.

அன்பாகப் பேசினால் ஏமாற்றுக்காரர் என்று பயப்படுகிறார்களே?

பயப்படுவது நல்லதே. ஏமாற்றுகிறவரும் இனிமையாகத்தான் தொடங்குகிறார். ‘தனியாவா இருக்கீங்க?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். திருடனும் கேட்கும் கேள்வி அது, பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று குத்திக்காட்டுவதாகவும் படும். பென்ஷன், வங்கி, மகன் எப்போது வருவார் என்பவற்றை அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் தொடாதீர்கள். எப்போதும் ஒரே எண்ணிலிருந்து, பெயரும் தெருவும் சொல்லிப் பேசுங்கள். யாரோ ‘உங்களைக் கைது செய்யப்போறோம்’ என்று வீடியோவில் மிரட்டியதாகச் சொன்னால் அது மோசடி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்கிறார். வயசானவங்க எல்லாரும் சொல்றதுதானே என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். சிலர் பேச்சு வழக்கில்தான் சொல்வார்கள், ஆனால் அதை ஊகிப்பதைவிடக் கேட்பது நல்லது. ‘அம்மா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று மெதுவாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். வழக்கமாகச் சொல்பவர் ‘அட போப்பா, அப்படியில்ல’ என்பார். மௌனமானாலோ, ஆமாம் என்றாலோ, ‘மாத்திரையெல்லாம் சேத்து வச்சிருக்கேன்’ என்பது போல வழியைச் சொன்னாலோ, போனை வைக்காமல் இன்னொருவர் மூலம் பக்கத்து வீட்டுக்காரரை அவரிடம் அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. மற்றபடி அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான 14567 எண் காலை 8 முதல் இரவு 8 வரை உண்டு.

ஒரே அழைப்பில் ஒரே கேள்வியை மூன்று நான்கு முறை, முன்பு கேட்டதே நினைவில்லாமல் கேட்டால் அது தனிமையாக இல்லாமல் மறதி நோயாக இருக்கலாம். குடும்பத்தாரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்ய வேண்டும்.

ஒருவர் நாளுக்கு ஆறேழு முறை கூப்பிடுகிறார். வேலையே ஓடவில்லை. எடுக்காமல் விட்டால் பாவமாக இருக்கிறது.

எடுத்தும் எடுக்காமலும் இருப்பதுதான் அழைப்பை அதிகமாக்குகிறது. எப்போது எடுப்பார்கள் என்று தெரியாததால் திரும்பத் திரும்ப முயல்கிறார். நேரத்தைக் கட்டுங்கள்: ‘ஐயா, தெனமும் சாயங்காலம் ஆறரைக்கு நானே கூப்பிடுறேன். நடுவுல அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க.’ முதல் வாரம் ஒரு நிமிடமும் பிசகாமல் ஆறரைக்கு அழையுங்கள். நம்பிக்கை வந்தபின் மற்ற அழைப்புகள் குறையும், அதற்குப் பிறகு வாரம் மூன்று நாளாக அவரோடு பேசி மாற்றலாம்.

ஒரே ஆள் சுமக்கவும் வேண்டாம். இரண்டு பேர் மாறி மாறிப் பேசுங்கள். பெரியவரிடம் சொல்லிவிட்டு ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘பேரனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை’, ‘இடது முட்டி வலி’. அடுத்தவர் அதிலிருந்து தொடங்கலாம். ‘பரீட்சை எப்படி எழுதினானாம்?’ என்று கேட்கும்போது, தான் சொன்னது எங்கோ தங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பத்து நாளாக அந்த அம்மாவிடமிருந்து வணக்கமே வரவில்லை. நாமாகப் போய்க் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்காதா?

இருக்காது. எதிர்பாராமல் வரும் விசாரிப்பை மற்றவர் எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம் என்று 2022-இல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ‘ஏன் மெசேஜ் போடல?’ என்று மட்டும் கேட்காதீர்கள், கணக்குக் கேட்பது போலிருக்கும். ‘வணக்கம்மா, முருகன். நீங்க சொன்ன மாதிரி மாவு போட்டோம், பணியாரம் பஞ்சு மாதிரி வந்துச்சு’ என்று காலையில் அனுப்புங்கள். மதியம் வரை அவர் அதைப் பார்க்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். மணி அடித்து நின்றுபோனால் அன்று பொழுது சாய்வதற்குள் அதே மாடியில் இருக்கும் யாரையாவது கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிண்ணத்தில் நாலு பணியாரத்தைக் கொடுத்தனுப்பினால் தட்டுகிறவருக்கும் தயக்கம் இருக்காது.